நூல் விலையை மில் ஏற்றினால் என்ன பதில் எழுதுவது?

“திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். 30-ஆம் நம்பர் கோம்டு நூல் 2,000 கிலோ, கிலோ 262 ரூபாய் என்று மில் மெயிலில் உறுதி செய்து அட்வான்ஸும் வாங்கிக்கொண்டது. இப்போது 274 தந்தால்தான் லோடு ஏற்றுவோம் என்கிறார்கள். என்ன பதில் எழுதுவது?”

பதில் எழுதும் முன், மில் அனுப்பிய உறுதி மெயிலையும் புரொஃபார்மா இன்வாய்ஸையும் கடைசி வரி வரை படியுங்கள். ‘டெஸ்பாட்ச் நாளன்று உள்ள விலையே பொருந்தும்’ என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தால், உங்கள் கை தாழ்ந்துவிடும். பேசிக் குறைக்கத்தான் முடியும். அப்படி எதுவும் இல்லையென்றால் 262 ரூபாய்தான் விலை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி, பழைய ஒப்பந்தத்தை மாற்ற இரண்டு தரப்பும் சம்மதிக்க வேண்டும். பஞ்சு விலை ஏறியது மில்லின் பாடு.

நிறைய பேர் கோட்டை விடுவது போனில்தான். என்னிடம் வந்த ஒருவர், “சரி, அனுப்புங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லியிருந்தார். புது விலையில் பில் வந்தது. நூலை இறக்கி நிட்டிங்குக்கும் அனுப்பிவிட்டார். புது விலைக்கு ஒப்புக்கொண்டதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. அதனால் போனில் பிடிகொடுக்காமல், அன்றைக்கே அந்த உறுதி மெயிலுக்கு ரிப்ளையாகவே எழுதுங்கள்:

“வணக்கம் சார். 2,000 கிலோ நூலுக்குக் கிலோ 262 ரூபாய் என்று நீங்கள் உறுதி செய்த மெயில் கீழே உள்ளது. அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. 274 ரூபாய்க்கு எங்களுக்குச் சம்மதம் இல்லை. உறுதி செய்த விலையிலேயே சரக்கை அனுப்புங்கள். டெஸ்பாட்ச் தேதியை நாளை மாலை 5 மணிக்குள் தெரிவியுங்கள். தவறினால் வெளியில் வாங்கி, கூடுதலாகும் தொகையை உங்களிடம் கேட்க வேண்டி வரும்.”

இதில் ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்’ என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அதை எழுதினால், விலை இன்னும் முடிவாகவில்லை என்று நீங்களே சொன்னதாகும்.

இதையும் மீறி 274-க்குப் பில் போட்டுச் சரக்கு வந்தால், மூட்டையைப் பிரிக்கும் முன் ஆட்சேபத்தை மெயிலில் பதிவு செய்யுங்கள். மில் இ-இன்வாய்ஸ் போடுவதாக இருந்தால், அதை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அது தாண்டிவிட்டால், வித்தியாசமான 24,000 ரூபாய்க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் கிரெடிட் நோட் கேளுங்கள்.

மில் கையை விரித்துவிட்டால், அதே கவுண்ட், அதே தரத்துக்கு வேறு இரண்டு மில்களில் அன்றைய விலையை எழுத்தில் வாங்கி, குறைந்த விலைக்கு எடுங்கள். அட்வான்ஸோடு, 262-க்கு மேல் கொடுத்த வித்தியாசத்தையும் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி மில்லிடம் நஷ்ட ஈடாகக் கேட்கலாம். அந்த இரண்டு கொட்டேஷனும் வாங்கிய பில்லும்தான் அப்போது உங்கள் கணக்குக்கு ஆதாரம்.