காதுகுத்துக்குப் போன மாஸ்டர்

கேள்வி: எங்கள் தையல் கடைக் கணக்கை அப்பாவிடமிருந்து வாங்கி இப்போது நான் எக்ஸெல்லில் போடுகிறேன். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு மட்டும் இரட்டைக் கூலி என்பது பேச்சு. போன வாரம் கட்டிங் மாஸ்டர் திங்களும் செவ்வாயும் பத்து மணி நேரம் இருந்தார். வியாழன் தங்கை மகள் காதுகுத்துக்கு மதியமே கிளம்பிவிட்டார். மற்ற நாளெல்லாம் எட்டு. வாரக் கூட்டு 48, ஓ.டி. பூஜ்யம் என்று வருகிறது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எப்படிப் புரிய வைப்பது?
— ஈரோடு வாசகர்

பதில்: புரிய வேண்டியது உங்களுக்குத்தான், தம்பி. இந்தக் கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. எழுதுவதெல்லாம் முதலாளி வீட்டுப் பிள்ளைகள்.

போகிற போக்கில் காதுகுத்து என்றீர்களே, அங்கேயே நிற்போம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் போகாமல் வேறு யார் போவது? அன்று அவர் நாலு மணி நேரம்தான் வேலை செய்தார், நீங்களும் நாலுக்குத்தான் கூலி போட்டீர்கள். அதோடு தீர்ந்தது. நீங்களோ அந்தக் குறையைக் கொண்டுபோய் திங்கள், செவ்வாய் ராத்திரி உழைப்பிலும் கழித்திருக்கிறீர்கள். ஒரு காதுகுத்துக்கு ரெண்டு தடவை பிடித்தம்!

வாரக் கூட்டில் கையே வைக்காதீர்கள். ஒவ்வொரு நாளையும் தனியாக எட்டோடு ஒப்பிட வேண்டும். நேரம் C2 முதல் C7 வரை இருந்தால், D2-இல் இதைப் போட்டு D7 வரை இழுங்கள்:

```
=MAX(0,C2-8)
```

அந்த MAX முக்கியம். வெறும் C2-8 என்று போட்டால் வியாழன் –4 என்று வரும். திங்கள் 2, செவ்வாய் 2 இரண்டையும் அது விழுங்கிவிடும், மறுபடி பூஜ்யம்தான். MAX இருந்தால் வியாழன் 0, வார ஓ.டி. 4. அப்புறம் E2-இல் அன்றைய கூலி:

```
=MIN(C2,8)*100+D2*200
```

மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். 44 மணிக்கு 4,400, ஓ.டி. 4 மணிக்கு 800, ஆக 5,200. நீங்கள் கொடுத்தது 4,800.

எட்டரை மணி நேரத்தை 8.30 என்று அடிக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது 8.5. இல்லாவிட்டால் அரை மணி ஓ.டி. பதினெட்டு நிமிடமாகச் சுருங்கிவிடும்.

இரட்டைக் கூலி என்பது உங்கள் அப்பா பெரிய மனதோடு கொடுத்த சலுகையும் இல்லை. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே நாளுக்கு எட்டு மணி, மிகுதிக்கு இரட்டிப்பு என்று இருக்கிறது. வாரத்துக்கு 48 என்பதும் அதிலேயே உண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

பழைய வாரங்களுக்கும் D வரிசையைப் போட்டுப் பாருங்கள். வருகிற பாக்கியை இந்தச் சனிக்கிழமைக் கவரில் சேர்த்து நீங்களே அவர் கையில் கொடுங்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றும் கேளுங்கள்.