மஞ்சளாகத் திரும்பிய அண்டா

அன்புள்ள ஐயா,
கீழக்கரையில் இருக்கிறேன். அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்த பித்தளை அண்டாவை, தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் கேட்கிறார்கள். போன தடவை திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. இப்போது பக்கத்து வீட்டு மாமி தொதல் கிண்டக் கேட்கிறார். இல்லை என்றால் கருமி என்பார்கள். என்ன சொல்லட்டும்?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டு மாதத்தில் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கடப்பாரை தேவிபட்டினம் போய் வருடக்கணக்காகிறது.

அண்டாவின் உள்பக்கத்தைப் பார்த்தீர்களா? வெளியே புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று கொடுத்திருப்பார்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய அடிப்பகுதி மஞ்சளாகத் தெரிந்தால் ஈயம் போய்விட்டது என்று அர்த்தம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், அது சுமார் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெறும் அண்டாவை விறகடுப்பில் ஏற்றிவிட்டு எண்ணெய் தேடப் போனாலே போதும், முத்து முத்தாகத் திரண்டுவிடும். இரும்புக் கரண்டியால் சுரண்டினாலும் போய்விடும். அதன்பின் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும், வயிற்றைப் புரட்டும். முதலில் ஈயம் பூசிவிடுங்கள்.

பிறகு மாமியிடம், "ஈயம் பூசி வைத்திருக்கிறேன் மாமி. இனி இது வாசல் தாண்டாது. நீங்கள் இங்கேயே வந்து கிண்டுங்கள், கொல்லையில் அடுப்பு மூட்டித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இறுகும்வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டிய பண்டம் அது. எப்படியும் நாலு பேர் கூடித்தான் ஆக வேண்டும், உங்கள் கொல்லையில் கூடட்டுமே. மரத்துடுப்பை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். "அண்டா ஓட்டையாகிவிட்டது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருப்பதை மாமி மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். அடுத்த வாரம் உங்கள் சொந்த அக்கா கேட்டாலும் இதே பதில்தான். அங்கே இளகினால்தான் கருமிப் பட்டம் வரும்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் பக்கம் குறைச்சல். ஏதாவது செய்யும்போது போட்டுத் தரலாம் என்று வைப்பார்கள், நாள் ஓடும், அப்புறம் இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று கூச்சம். அதற்குள் மூன்றாவது வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போயிருப்பார். ஆகவே, இரவல் கொடுக்கவென்றே ஓர் அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கி, கடையில் பெயர் வெட்டி வாங்குங்கள். கொடுக்கும்போதே "வெறும் பாத்திரமாகவே கொடுத்தனுப்புங்கள், வெள்ளிக்கிழமை எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். நாள் சொல்லாமல் கொடுத்தால் கேட்கப் போகும்போது நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

புத்தகம் இரவல் கேட்டு வருகிறவர்களுக்கு என் வீட்டில் திண்ணை இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், டீயும் உண்டு. கடப்பாரைக்கு அப்படி ஒரு வழி எனக்கு இன்னும் தோன்றவில்லை.