இரண்டு லட்சம் பேர் சொன்னால் சரியாகிவிடுமா? – கருத்துக்கணிப்பு கேள்வி பதில்

ஆறு கோடி வாக்காளர்கள் இருக்கும் மாநிலத்தில் வெறும் 1,000 பேரைக் கேட்டுச் சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் 1,000 பேருக்குப் பிழை வரம்பு, அதாவது கிடைத்த விடை உண்மையிலிருந்து பெரும்பாலும் எவ்வளவு ஏறவோ இறங்கவோ கூடும் என்பது, ஏறத்தாழ 3 சதவீதம். மொத்தம் ஆறு கோடியா அறுபது லட்சமா என்பது இந்தக் கணக்கில் அநேகமாக வருவதே இல்லை. பிழையைப் பாதியாகக் குறைக்க 4,000 பேரைக் கேட்க வேண்டும்.

அ கட்சிக்கு 41, ஆ கட்சிக்கு 38, பிழை வரம்பு 3. அப்படியானால் அ முன்னிலைதானே?

சொல்ல முடியாது. அந்த 3 தனித்தனி எண்ணுக்கு உரியது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு வரம்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

எங்கள் சேனல் வாக்கெடுப்பில் 2 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். பிழை வரம்பு எவ்வளவு?

பிழை வரம்பே கிடையாது. யாரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் நீட்டுகிறீர்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் சேனலைப் பார்ப்பவர்களில் பொத்தானை அழுத்தத் தோன்றியவர்கள் அழுத்தினார்கள். ஒருவரே நாலு முறை அழுத்தியிருந்தாலும் தெரியாது.

எண்ணிக்கை காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பார்க்கட்டும். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. சுமார் 23 லட்சம் திரும்பி வந்தன. லேண்டன் 57, ரூஸ்வெல்ட் 43 என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார்.

முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவை இரண்டும் வசதியானவர் வீட்டுச் சமாச்சாரம். அதோடு முடியவில்லை. நாலில் மூன்று பேர் பதிலே போடவில்லை. மெனக்கெட்டுத் தபாலில் சேர்த்தவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். அதே வகைப் பட்டியலில் 3,000 பேரை மட்டும் கேட்டு, இதழ் என்ன தப்பு செய்யப்போகிறது என்பதையே கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் முன்கூட்டிச் சொல்லிவிட்டார். கோணலான பட்டியலில் ஆள் கூடக் கூட, தவறான விடை இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் 2 லட்சமும் அந்த வகை.

1,200 பேர் கணிப்பில் ‘முதல்முறை வாக்காளர்களில் 62 சதவீதம்’ என்று தனியாகப் போட்டிருந்தார்கள். நம்பலாமா?

அந்த 1,200-ல் முதல்முறை வாக்காளர் எத்தனை பேர் என்று தேடுங்கள். நூறு பேர் என்றால் வரம்பு 10 சதவீதம்; அந்த 62 என்பது 52 ஆகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். எண்ணிக்கை போடவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஆண், பெண், வயது எல்லாம் சரியான விகிதத்தில் எடுத்தோம். பேருந்து நிலையத்தில்தான் கேட்டோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். விகிதம் சரியாக இருந்தாலும், அதற்குள் யாரை நிறுத்திக் கேட்பது என்பது கேட்பவர் இஷ்டம். அவசரமாகப் போகிறவரையும் முறைக்கிறவரையும் விட்டுவிடுவார். வீட்டிலேயே இருப்பவர் கணக்கிலேயே இல்லை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்று காலப் உட்படப் பலர் சொல்லி ஏமாந்தது, விகிதம் பார்த்து ஆள் எடுக்கும் இந்த ஒதுக்கீட்டு முறையில்தான். போதாக்குறைக்குக் கேட்பதையும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். வாக்காளர் பட்டியலை எடுங்கள், குலுக்குங்கள், பெயர் வந்தவர் வீட்டுக்கே போங்கள். ஆள் இல்லையென்றால் மறுநாள் மாலை திரும்பப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு நிரப்பாதீர்கள்.