ஏஐ படம் என்று செயலி சொன்னால் பரிசை நிறுத்தலாமா?

"ஐயா, சுங்கை சிப்புட்டில் எங்கள் கோவில் திருவிழாவுக்குப் புகைப்படப் போட்டி வைத்தோம். முதல் பரிசுக்குத் தேர்வான தீமிதிப் படத்தை ஓர் இணையத்தளத்தில் ஏற்றிப் பார்த்தால் '91% ஏஐ' என்று வருகிறது. பையனோ நான்தான் எடுத்தேன் என்று அழுகிறான். வந்த 200 படங்களையும் இப்படிச் சோதித்துவிடலாமா? இதை எவ்வளவு நம்பலாம்?"

அந்த எண்ணை மட்டும் வைத்துப் பரிசை நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கருவிகளுக்கு உங்கள் கோவிலும் தெரியாது, தீக்குழியும் தெரியாது. கேமராவில் எடுத்த படங்கள் ஒரு குவியல், ஏஐ உருவாக்கிய படங்கள் இன்னொரு குவியல் என்று காட்டிப் பழக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எதைக் கொடுத்தாலும், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்ணிய புள்ளிகளையும் வழவழப்பையும் பார்த்து, எந்தக் குவியலை ஒத்திருக்கிறது என்று ஒரு மதிப்பெண் போடும். இப்படிப்பட்ட 100 படங்களில் 91 ஏஐ என்று அதற்குப் பொருள் கிடையாது.

தீமிதிப் படம் மாட்டிக்கொள்வதில் எனக்கு வியப்பே இல்லை. இரவு நேரம், புகை, தணல் வெளிச்சம் மட்டும். இந்த மாதிரி இடத்தில் இன்றைய கைப்பேசி ஒரே படமாக எடுப்பதில்லை, நைட் மோடில் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைத்து, இருட்டில் வரும் பொரிப்பொரியான புள்ளிகளைத் துடைத்து, முகத்தை மென்மையாக்கி, ஓரங்களைக் கூர்மையாக்கித்தான் கையில் கொடுக்கிறது. அந்தப் பொரிப்புள்ளிதான் உண்மையான கேமராவின் அடையாளங்களில் ஒன்று, அது போய்விட்டது. அப்புறம் பையன் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பான், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி மறுபடியும் அமுக்கும், எந்தக் கைப்பேசி, எத்தனை மணி என்ற குறிப்புகளையும் நீக்கிவிடும். கடைசியில் கருவியிடம் போய்ச் சேர்வது வழவழப்பான, அடையாளமில்லாத ஒரு படம்.

இதே அமுக்கல் ஏமாற்றுபவனுக்கும் உதவுகிறது, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஏஐ விட்டுச் செல்லும் நுண்ணிய தடயங்களும் அதில் அழிந்துபோகும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொஞ்சம் புள்ளி தூவினால் இன்னும் மறையும். கருவியைப் பழக்கிய பிறகு வெளிவந்த புதிய ஏஐ மென்பொருளின் படத்தை அது பார்த்ததே இருக்காது. ஆகவே '2% ஏஐ' என்று வந்த படத்துக்கும் அது நற்சான்றிதழ் ஆகாது.

சரி, 200 படங்களையும் சோதித்தால் என்ன ஆகும்? ஒரு பேச்சுக்கு, 10 படம் ஏஐ, 190 உண்மை என்று வையுங்கள். கருவி ஏஐ படங்களில் 80 விழுக்காட்டைப் பிடிக்கிறது, உண்மைப் படங்களில் 5 விழுக்காட்டைத் தவறாகக் குற்றம் சாட்டுகிறது என்றும் வையுங்கள், கேட்க நல்ல கருவி மாதிரிதான் இருக்கிறது. பிடிபடும் ஏஐ படம் 8, தவறாக மாட்டும் உண்மைப் படம் ஒன்பது பத்து, தப்பிக்கும் ஏஐ படம் 2. மாட்டியவர்களில் பாதிக்கு மேல் ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகள்! ஊர்க்காரர்களின் போட்டியில் பெரும்பாலான படங்கள் உண்மையாகவே இருக்கும் என்பதால்தான் கணக்கு இப்படித் திரும்புகிறது.

முதலில் கருவியையே சோதியுங்கள். அதே இரவு உங்கள் குழுவினர் தங்கள் கைப்பேசியில் எடுத்த தீமிதிப் படங்கள் சில இருக்கும், பையனின் கைப்பேசி வகையிலேயே கிடைத்தால் இன்னும் நல்லது. அவற்றை அவன் அனுப்பியது போலவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த படத்தை அதே தளத்தில் ஏற்றுங்கள். அவையும் எழுபது எண்பது என்று காட்டினால் அந்த 91-ஐ மறந்துவிடலாம். அவை குறைவாக வந்தாலும் அது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, மேற்கொண்டு விசாரிக்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

அடுத்து, பையனைக் கைப்பேசியோடு வரச் சொல்லி, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். மூலக் கோப்பில் உள்ள தேதியும் நேரமும் உதவும், ஆனால் அவற்றை மாற்ற முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்தடுத்த ஐந்தாறு படங்களில் அதே ஆட்கள், அதே மாலை, கொஞ்சம் நகர்ந்த கால்கள் என்று தொடர்ந்து வருவதைப் பொய்யாக உருவாக்குவது மிகக் கடினம். மற்றவர்களின் படங்களோடும் ஒப்பிடுங்கள்: யாருக்குப் பின் யார் இறங்கினார், பதாகையில் என்ன எழுத்து, கூட்டத்தில் நின்ற பெரியவர்கள் யார் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், எந்தக் கருவிக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் தனியாகக் கேளுங்கள்: படத்தில் யாரையாவது அழித்தாயா, வானத்தை மாற்றினாயா? எடுத்தது உண்மையாக இருந்தும் கைப்பேசியின் ஏஐ அழிப்பானைப் பயன்படுத்தியிருந்தால், அது உங்கள் விதிமுறை தீர்க்க வேண்டிய விஷயம். விதியில் அதைத் தடுக்கவில்லை என்றால் இப்போது புதிதாகத் தடுப்பது நியாயமில்லை. அடுத்த ஆண்டு அதை எழுத்தில் போட்டு, படங்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆகவோ பென் டிரைவிலோ மூலக் கோப்பாகவே வாங்குங்கள்.