ஊசி குத்திய வலி பக்கம் மாறும் இடம்

"உயர்தர உயிரியல், கிளிநொச்சி. வலது பாதத்தில் ஊசி குத்தினால் கணத்தாக்கம் மூளைக்குப் போகும் ஒழுங்கு எப்போதும் குழம்புகிறது. எந்த இடத்தில் மறுபக்கம் மாறுகிறது?"

முண்ணாணுக்குள் நுழைந்த உடனேயே, ஓரிரு துண்டங்களுக்குள் மாறிவிடுகிறது. மூளைக்குள் சென்ற பிறகு அல்ல.

வயல் வரம்பில் வலது பாதத்தில் முள்ளுத் தைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோலிலுள்ள வெற்று நரம்பு முனையில் தோன்றும் கணத்தாக்கம், மெல்லிய நரம்பு நார் வழியே காலில் ஏறி, முதுகுப்புற வேரால் இடுப்புக்குக் கீழ்ப்பகுதிக்குரிய முண்ணாண் துண்டங்களை அடைகிறது. அந்த நரம்புக்கலத்தின் உடல் வேரின் திரட்டில் இருந்தாலும், அங்கே இணைப்பு எதுவும் இல்லை. முதல் இணைப்பு நரைநிறப் பொருளின் பின்கொம்பிலேயே நிகழ்கிறது. இரண்டாவது நரம்புக்கலம் நடுக்கோட்டைக் கடந்து இடப்பக்கத்தில் ஏறி, மூளைத்தண்டினூடாகத் தலமசை அடைகிறது. அங்கிருந்து மூன்றாவது நரம்புக்கலம் இடது மேற்பட்டையின் உணர்ச்சிப் பகுதிக்குச் செல்கிறது. பாதத்துக்குரிய இடம் இரு அரைக்கோளங்களும் எதிர்நோக்கும் உட்பக்கத்தில் உள்ளது.

நுண்தொடுகையின் பாதையுடன் கலந்துவிடுவதே உங்கள் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அது தொட்ட பக்கத்திலேயே ஏறி, நீள்வளைய மையவிழையத்தில்தான் மாறுகிறது.

சரிபார்க்க, நெஞ்சு மட்டத்தில் முண்ணாணின் வலப்பாதி மட்டும் அறுபட்டதாகக் கொண்டு இரு பாதைகளையும் வரையுங்கள். இடது பாதத்தில் வலியும் வலது பாதத்தில் நுண்தொடுகையும் இழக்கப்படுவதாக உங்கள் படம் காட்டினால் ஒழுங்கு சரி.

ஒன்றைக் கவனியுங்கள்: காலை இழுத்துக்கொள்வது இந்தப் பாதையின் விளைவு அல்ல. அது முண்ணாணிலேயே முடிந்துவிடும் தெறிவினை; வலி உணரப்படுவதற்கு முன்பே கால் விலகிவிடும்.