விடுவிப்புத் தேதி கடந்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: மூன்று இரவு நிகழ்ச்சிக்காக ஒரு விடுதியில் 40 அறைகளை மொத்தமாகக் கேட்டிருக்கிறோம். வெளியூரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆளில்லாத அறைக்குப் பணம் கட்ட நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: விடுவிப்புத் தேதியன்று பெயர் கொடுக்கப்படாத அறைகளை விடுதி பொது விற்பனைக்கு எடுத்துக்கொள்ளும், சலுகைக் கட்டணமும் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். ஆனால் கேட்ட அறைகளில் குறிப்பிட்ட விழுக்காடு நிரம்பாவிட்டால் குறைந்த அறைகளுக்கு நீங்களே பணம் கட்ட வேண்டும் என்னும் குறைந்தபட்சப் பயன்பாட்டு விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அறைகள் திரும்பிப் போன பின்பும் அந்தப் பொறுப்பு உங்கள் மீதே நிற்கலாம். ஆகவே கையெழுத்திடும் முன் ஊன்றிப் படிக்க வேண்டியது அந்த விதியைத்தான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 40 அறைகள் மூன்று இரவுகளுக்கு என்றால் 120 அறை-இரவுகள். 80 விழுக்காடு பொறுப்பு என்றால் 96. முதல் இரவு 24 அறைகளும், இரண்டாம் இரவு 40 அறைகளும், மூன்றாம் இரவு 32 அறைகளும் நிரம்பினால் மொத்தம் சரியாக 96 ஆகிவிடும். நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதே விதி இரவுவாரியாகக் கணக்கிடப்பட்டால், ஒவ்வோர் இரவும் 32 அறைகள் நிரம்பியாக வேண்டும் என்பதால், முதல் இரவில் குறைந்த 8 அறைகளுக்குப் பணம் கேட்பார்கள். மறுநாள் கூடுதலாக நிரம்பிய 8 அறைகள் அதை ஈடுகட்டா. எனவே மொத்தக் கணக்கையே கேளுங்கள். காலியான அறையை விடுதி வேறொருவருக்கு விற்றுவிட்டால் அத்தொகையைக் கழிக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் இரவுக்குக் கூட்டம் குறைவு என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே அன்றைக்குக் குறைவான அறைகளைக் கேட்பது இன்னும் நல்லது.

கட்டணமின்றிப் படிப்படியாகக் குறைக்கும் உரிமையும் தேவை: 60 நாள் முன்பு 20 விழுக்காடு, 30 நாள் முன்பு மேலும் 10 விழுக்காடு என்பதுபோல் பேசிப் பாருங்கள். பதிவுக்கான கடைசி நாளை விடுவிப்புத் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னதாக வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால், நினைவூட்டி ஆள் சேர்க்க அவகாசமே இருக்காது.

அறைப் பட்டியலில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வரும் தேதி, புறப்படும் தேதி, பணம் செலுத்துபவர் ஆகிய விவரங்கள் வேண்டும். அறையைப் பகிரும் இருவருக்கும் ஒரே வரிசை எண் கொடுங்கள். இல்லையேல் இரண்டு அறைகளாகப் பதிவாகிவிடும். அதிகம் தவறுவது நள்ளிரவு வருகையில்தான். 12ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு வந்திறங்குபவருக்கு 11ஆம் தேதி இரவே அறை வேண்டும். பட்டியலில் 12 என்று மட்டும் எழுதினால் அவர் நண்பகல் வரை வரவேற்பறையில் காத்திருக்க நேரும். விடுதி உறுதிப்பாட்டு எண்களுடன் பட்டியலைத் திருப்பி அனுப்பியதும், இந்த வருகைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.