பிடிக்காத ஆளுக்குப் பொய் இல்லாம, மரியாதையா ஒரு பிறந்தநாள் வாழ்த்து: கேள்வி பதில்

உப்புவெளி தம்பி: அண்ணை, எங்கட செக்சனில ஒருத்தருக்கு நாளைக்கு பேர்த்டே. நான் செய்த வேலையைத் தான் செய்ததெண்டு மேல சொல்லுற ஆள், எனக்குப் பிடிக்காது. வட்ஸ்அப் குரூப்பில எல்லாரும் போடுவினம், நான் போடாட்டித் தெரியும். பொய் எழுதவும் விருப்பமில்லை. என்ன போடுறது?

தம்பி, எங்கட கந்தோர் நலன்புரிச் சங்கத்தில கார்ட் எழுதுற வேலை கனகாலம் என்ட கையில தான் இருந்தது, அதில முக்கால்வாசி எனக்கு ஒத்துவராத ஆக்களுக்கு எழுதினது, அதால சொல்லுறன். ஒரு வாழ்த்தில ரெண்டு பங்கு இருக்கு. ஒண்டு அவரைப் பற்றி நீங்க சொல்லுறது, மற்றது அவருக்கு நீங்க விரும்புறது. பொய் வாறது அந்த முதல் பங்கில தான். "நல்லா இருங்கோ" எண்டு எழுத ஆளைப் பிடிக்கோணும் எண்டில்லை, அவருக்குக் கெடுதல் வரோணும் எண்டு நீங்க நினைக்காட்டிப் போதும், அந்த வரி உண்மை. ஆனா "நீங்க தங்கமான மனுசன், உங்களோட வேலை செய்யக் குடுத்து வைச்சிருக்கோணும்" எண்டு எழுதினா அது நீங்க நம்பாத ஒண்டு, செக்சனில உங்கட ரெண்டு பேரின்ட கதையும் தெரிஞ்ச எல்லாருக்கும் அது பொய்யெண்டு தெரியும், முதல்ல தெரியிறது அவருக்குத் தான்.

அதால எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அவர் செய்து உங்கட கண்ணால கண்ட நல்ல காரியம் ஏதும் இருக்கா? அவரின்ட வேலைத் திறமையைப் பற்றி வேண்டாம், அதில தான் உங்கட பிரச்சினையே கிடக்கு. வேற ஏதும்.

உப்புவெளி தம்பி: யோசிச்சுப் பாத்தன். வயசு போன ஆக்கள் கவுண்டரில போமை வைச்சுக்கொண்டு முழிச்சா, இவர் கதிரையை விட்டு எழும்பிப் போய் நிரப்பிக் குடுப்பார். கண்ணாடி கொண்டு வராத ஆக்களுக்கு வாசிச்சும் காட்டுவார். அவ்வளவு தான்.

அவ்வளவு தான் வேணும்! இப்ப இப்பிடி எழுதுங்கோ:

"அண்ணை, பிறந்தநாள் வாழ்த்துகள். கவுண்டருக்கு வாற வயசு போன ஆக்களுக்கு நீங்க எழும்பிப் போய் போம் நிரப்பிக் குடுக்கிறதைப் பாத்திருக்கிறன். இண்டைக்கு வீட்டு ஆக்களோட சந்தோசமா இருங்கோ."

ஏன் இப்பிடி எண்டு சொல்லுறன். "பாத்திருக்கிறன்" எண்டு தான் நிக்குது, "நீங்க இரக்கமான ஆள்" எண்டு தீர்ப்புச் சொல்லேல்லை. கண்டதைச் சொன்னா அதில உங்கட விருப்பு வெறுப்பு ஒண்டும் கலக்காது, அவருக்கும் அது தன்ட சொந்த விசயமாப் படும், ஏனெண்டா மற்ற ஆக்கள் போடுற பத்து மெசேஜில ஒண்டிலயும் இது இருக்காது. ஒண்டுக்கு மேல போகாதீங்கோ. இவ்வளவு காலமும் முகம் குடுத்துக் கதைக்காத ஆள் திடீரெண்டு நாலு நல்ல குணம் எழுதினா, இவனுக்கு என்னட்ட ஏதோ அலுவல் இருக்கு எண்டு தான் அவர் நினைப்பார்.

இன்னொண்டு, நான் எல்லாருக்கும் சொல்லுறது, திரும்பவும் சொல்லுவன்: பொடி வைச்சு எழுதாதீங்கோ. "மற்ற ஆக்களின்ட வேலையையும் உங்கட வேலையா நினைக்கிற அண்ணைக்கு வாழ்த்துகள்" எண்டு எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கும். நாலு பேர் சிரிப்பினம். அவர் சாகுமட்டும் மறக்க மாட்டார், பிறகு நீங்க நியாயமாப் போய் முறைப்பாடு செய்தாலும் அது வன்மம் எண்டு தான் போகும்.

நேரமும் பாக்கோணும். இரவு 12 மணிக்குப் போடுறது கூட்டாளிமாருக்கு. நீங்க காலமை, மூண்டு நாலு பேர் போட்டாப் பிறகு போடுங்கோ, கடைசி ஆளாவும் நிக்காதீங்கோ. அவர் நன்றி போட்டா ஒரு கும்பிடோட விடுங்கோ.

திருக்கடலூர்க்காரன்: இதுக்கு ஏன் இவ்வளவு மினக்கேடு? வாழ்த்து எண்டா சம்பிரதாயம், "எங்கட கந்தோரின்ட தூண்" எண்டு போட்டுட்டுப் போனா யாருக்கு என்ன குறையுது?

பாதி சரி. "பிறந்தநாள் வாழ்த்துகள்" எண்ட வரி சம்பிரதாயம் தான், அதை ஒருத்தரும் சத்தியக்கடதாசியா எடுக்கிறேல்லை. தூண் எண்டுறது சம்பிரதாயம் இல்லை, அது ஒரு ஆளைப் பற்றின கதை. அந்தத் தூணோட அடுத்த மாசம் லீவு விசயத்தில நீங்க முட்டுப்படேக்க, "அண்டைக்கு அப்பிடி எழுதினீங்களே" எண்டு ஸ்க்ரீன்ஷொட்டை எடுத்துக் காட்டுவார். கண்டிருக்கிறன்.

மூதூர் அக்கா: என்ட பொஸ்ஸுக்கு ஒரு மெசேஜ் எழுதித் தாங்க தம்பி, அவவை எனக்குப் பிடிக்காது.

மேல எழுதினதை வாசியுங்கோ அக்கா. அவ செய்து நீங்க கண்டது ஒண்டைச் சொன்னாத் தான் எழுதலாம். மேலதிகாரி எண்டா புகழ்ச்சி இன்னும் குறையோணும், கூடினா அது வேற மாதிரித் தெரியும்.

டொக்யார்ட் வீதி வாசகர்: வள்ளுவரே "பொய்மையும் வாய்மையிடத்த" எண்டு சொல்லிப்போட்டார். ஒரு ஆள் சந்தோசப்பட நாலு வார்த்தை கூட்டி எழுதினாப் பாவமா?

ஐயா, அந்தக் குறளை முழுக்கச் சொல்லுங்கோ, "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" எண்டு ஒரு நிபந்தனை இருக்கு. குற்றமில்லாத நன்மை வந்தா மட்டும் தான். இங்க யாருக்கு என்ன நன்மை? உண்மையா ஒரு நல்ல வரி கையில இருக்கேக்க, பொய்யான வரி போடுறதுக்கு அந்தக் குறள் இடம் தராது.

டொக்யார்ட் வீதி வாசகர்: அவர் மனம் குளிருறது நன்மை இல்லையா? எங்கட அம்மா ஆருக்கும் "நீ நல்ல பிள்ளை" எண்டு தான் சொல்லுவா, அதைக் கேட்டுத் திருந்தின ஆக்களும் இருக்கினம்.

அம்மா சொன்னது வேற. அவ பிள்ளையைப் பாத்து அப்பிடி வரோணும் எண்டு விரும்பிச் சொன்னவ, அது ரெண்டாவது பங்கு, அதில நானும் உங்களோட தான். ஆனா கந்தோரில ஒத்த வயசு ஆக்களுக்குள்ள அப்பிடி எடுபடாது எண்டுறது என்ட எண்ணம்.

நிலாவெளி வாசகி: நான் ரெண்டு பேருக்கும் மாறாச் சொல்லுறன். பொய் சொல்ல விருப்பமில்லாட்டி ஒண்டும் போடாம விடுறது தான் நேர்மை. பிறகு எல்லாரும் போடுற ஹார்ட்டை நீங்களும் போடுறதும் பொய் தானே?

சும்மா இருக்கிறது எல்லா இடத்திலயும் நேர்மை ஆகாது தங்கச்சி. அவரோட சேத்து இருபது பேர் இருக்கிற குரூப்பில 18 பேர் வாழ்த்த நீங்க மட்டும் பேசாம இருந்தா அதுவும் ஒரு பேச்சுத் தான், அதுவும் அவரின்ட பிறந்தநாளில எல்லாருக்கும் முன்னால பேசின பேச்சு. நீங்க ஒருத்தருக்கும் போடாத ஆளெண்டா அது வேற, அப்ப இவருக்கும் போடத் தேவையில்லை. ஹார்ட் விசயத்தில நான் கேக் படம் தான் போடுவன். அது பொய்யோ இல்லையோ எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன்.

திருக்கடலூர்க்காரன்: ஹார்ட்டை எங்கட அப்பா மரண அறிவித்தலுக்கும் போடுறார், அதைப் பொய் எண்டு சொல்லுவீங்களோ?

நிலாவெளி வாசகி: அவருக்குத் தெரியாமப் போடுறார். தெரிஞ்சு போடுறது தான் கேள்வி.

ரெண்டு பேரும் தொடருங்கோ, நான் மற்றக் கேள்விகளைப் பாக்கிறன்.

கிண்ணியா வாசகர்: நானா, எங்க ஒபீஸ்ல ஒரு முஸ்லிம் பொம்புளை, அவவோட எனக்குச் சரிவாறல்ல. ஆனா அவ பேர்த்டே கொண்டாடுறல்ல எண்டு கேள்வி. எல்லாரும் கேக் வாங்குற பிளான்ல இரிக்காங்க.

நல்ல கேள்வி, இது ஆளைப் பிடிக்கிறதோட சம்பந்தமில்லாதது. மார்க்கத்தின்படி கொண்டாடாத ஆக்கள் இருக்கினம், கிறிஸ்தவ சபைகளிலயும் சிலதில அப்பிடி. அவவோட நெருக்கமான ஒருத்தர் மூலமாக் கேளுங்கோ. விருப்பமில்லை எண்டா கேக்கும் வேண்டாம், குரூப்பில வாழ்த்தும் வேண்டாம். வேற ஒரு நாள் சாதாரணமா "அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும்" எண்டு சொன்னா அது துஆ, அதுக்குத் திகதி தேவையில்லை. நீங்க பிடிக்காத ஆளெண்ட படியா இதில ஒரு படி கூடக் கவனமா இருங்கோ, தெரியாமச் செய்தாலும் வேணுமெண்டு செய்ததாத் தான் அவவுக்குப் படும்.

சீனக்குடா தம்பி: சிங்கள ஆள் ஒருத்தருக்கு எப்பிடி?

"சுப உபன்தினயக் வேவா" எண்டு போடுங்கோ. தெரியாத பாசையில நீட்டி எழுதப் போனா நினைக்காத அர்த்தம் வரும்.

பெயர் வேண்டாம்: அந்த ஆள் என்னைப் பற்றி அசிங்கமாக் கதைச்சவர், தனியா நிக்கேக்க பயமாவும் இருக்கு. கார்ட்டில கையெழுத்து வைக்கச் சொல்லிச் செயலாளர் நிக்கிறார்.

தங்கச்சி, இது வாழ்த்துப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு வாழ்த்துற கடமை ஒண்டும் இல்லை. செயலாளரிட்ட "நான் வைக்கேல்லை" எண்டு மட்டும் சொல்லுங்கோ, காரணம் சொல்லத் தேவையில்லை, வற்புறுத்துறது அவரின்ட வேலையும் இல்லை. திகதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில நிண்ட ஆக்கள், எல்லாத்தையும் இண்டைக்கே ஒரு கொப்பியில எழுதி வைச்சு, நீங்க நம்புற மேலதிகாரி ஒருத்தரிட்ட எழுத்தில குடுங்கோ.

தம்பலகாமம் வாசகர்: எனக்கு ஒரு ஆளைப் பிடிக்காது, பேர்த்டேக்கு என்ன போடலாம்?

மேல இருக்கு.

உவர்மலை வாசகி: எனக்குப் பிடிக்காத ஒருத்தி, நல்லதா ஒண்டுமே ஞாபகம் வரேல்ல, சுருக்கமா ஒண்டு தாங்கோ.

மேல இருக்கு எண்டு இப்பத் தான் சொன்னன். ஆனா ஒண்டுமே ஞாபகம் வரேல்ல எண்டது புதுசு, அதால பதில் சொல்லுறன். ஒரு கிழமை அவவைக் கவனியுங்கோ. அதுக்குப் பிறகும் ஒண்டும் இல்லையெண்டா முதல் பங்கை விட்டுட்டு ரெண்டாவதை மட்டும் எழுதுங்கோ: "பிறந்தநாள் வாழ்த்துகள். இந்த வருசம் சுகமா இருங்கோ." இதில குறை ஒண்டும் இல்லை. நல்லது ஒண்டைக் கண்டுபிடிச்சே ஆகோணும் எண்டு இழுத்து வைச்சு "உங்கட சாரி எல்லாம் வடிவு" எண்டு எழுதினா அது பொடியாப் போகும், பொடி வேண்டாம் எண்டு காலமையில இருந்து கத்துறன்.

உள்துறைமுக வீதி வாசகர்: போன மாசம் என்ட பேர்த்டேக்கு, நான் விரும்பாத ஆள் ஒரு பெரிய மெசேஜ் போட்டவர், மனசோட தான் எழுதினவர் போல கிடக்கு. இப்ப அவரின்டது வருது. நானும் அந்த நீளத்துக்கு எழுதோணுமோ?

நீளத்துக்கு நீளம் திருப்பிக் குடுக்கத் தேவையில்லை. அவர் எழுதினதையே உங்கட உண்மையான வரியா எடுங்கோ: "போன மாசம் எனக்கு நீங்க நேரமெடுத்து எழுதினது ஞாபகத்தில இருக்கு, நன்றி. உங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகள்." அவர் எழுதினதில ஏதாவது ஒரு இடம் உண்மையா உங்களுக்குப் பட்டிருந்தா அதையும் சேருங்கோ. குரூப்பில போடாம அவருக்குத் தனியாப் போட்டா நல்லம், மற்ற ஆக்களின்ட கண்ணுக்கு முன்னால எழுதேக்க உங்களுக்கும் கை கூசும்.